அடுக்குமாடிக் குடியிருப்பின் எஸ்.டி.பி: காலைக் கலங்கல், விடியற்கால நாற்றம், மிதக்கும் கசடு, மணக்கும் ஃபிளஷ் தண்ணீர்

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் 120 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பலகையில் ‘70 கே.எல்.டி’ என்று எழுதியிருக்கிறது. அதாவது நாளைக்கு 70 கிலோலிட்டர், 70,000 லிட்டர். 105 வீடுகளில்தான் ஆள் இருக்கிறார்கள். கணக்குப்படி நிலையம் தாராளமாகப் போதும். ஆனாலும் காலையில் கலங்கல், விடியற்காலையில் நாற்றம், கழிப்பறையில் ஃபிளஷ் செய்தால் ஒரு வாடை. பராமரிப்பு நிறுவனம் ‘நுண்ணுயிர்ப் பொடி’ போடச் சொன்னது. மூன்று மாதம் போட்டும் எதுவும் மாறவில்லை.

அங்கே ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்ததை அறிகுறிவாரியாக எழுதுகிறேன். எண்கள் அந்த இடத்தவை. உங்கள் தொட்டியின் அளவை வைத்து நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

எதற்கும் முன் ஒரு வேண்டுகோள். இங்கே சொல்லும் எந்த அளவீட்டுக்கும் தொட்டிக்குள் இறங்க வேண்டியதில்லை. மூடியைத் திறந்து மேலிருந்தே செய்யலாம். கழிவுநீர்த் தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு அதை உணர்வதையே நிறுத்திவிடும். ‘நாற்றம் இல்லையே’ என்று இறங்கியவர்கள்தான் திரும்பி வராமல் போயிருக்கிறார்கள். யாரையும் இறக்காதீர்கள்.

முதலில் உண்மையான வரத்து எவ்வளவு?

கட்டும்போது போட்ட கணக்கு இதுதான்: வீட்டுக்கு 5 பேர், 120 வீட்டுக்கு 600 பேர், ஆளுக்கு 135 லிட்டர், மொத்தம் 81,000 லிட்டர். அதில் 85 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று வைத்தால் சுமார் 69,000. அதைத்தான் 70 என்று முழுமையாக்கியிருக்கிறார்கள். திட்டம் போடும்போது இதற்குமேல் தெரியாது, அதனால் இந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் குடியேறிய பிறகும் அதே எண்ணை நம்பிக்கொண்டிருப்பது சரியல்ல.

இப்போது இருப்பவர்கள் சுமார் 378 பேர். தினமும் 12,000 லிட்டர் டேங்கர் லாரி நான்கு வருகிறது. அப்படியானால் நல்ல தண்ணீர் 48 கிலோலிட்டர். அதில் 85 சதவீதம், அதாவது சுமார் 41 கிலோலிட்டர், சாக்கடைக்குப் போகிறது. இதோடு நின்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஃபிளஷுக்குப் போகும் மறுசுழற்சித் தண்ணீரும் சுற்றி அதே நிலையத்துக்கே திரும்புகிறது. ஆளுக்கு 45 லிட்டர் என்றால் 17 கிலோலிட்டர். இரண்டும் சேர்ந்து 58.

378 பேருக்கு 58 கிலோலிட்டர் என்றால் ஆளுக்கு 153 லிட்டர் கழிவுநீர். ஆட்கள் குறைவு, ஆளுக்கான அளவு கூடுதல். ‘பாதி வீடு காலி, நிலையத்துக்குப் பாதி சுமைதான்’ என்று சங்கக் கூட்டத்தில் சொல்வது பல இடங்களில் பொய்த்துப்போவது இதனால்தான்.

இந்த 58 சரிதானா என்று பார்க்க ஒரு குச்சி போதும். கழிவுநீர் முதலில் வந்து சேரும் தொட்டியை ஈக்வலைசேஷன் டேங்க் என்பார்கள். இங்கே அதன் தரைப்பரப்பு 4 மீட்டருக்கு 3 மீட்டர், 12 சதுர மீட்டர். எனவே 1 செ.மீ. ஏறினால் 120 லிட்டர் வந்திருக்கிறது. பம்பை 15 நிமிடம் நிறுத்திவிட்டு நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலை 5 மணியிலிருந்து இரவு 11 வரை மணிக்கு ஒருமுறை, சாதாரண வேலைநாளில் ஒரு நாளும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளும். பின்வரும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு தாள்தான் அடிப்படை.

அறிகுறி 1: காலை 8 முதல் 10 வரை மட்டும் வெளிவரும் நீர் கலங்கல், மற்ற நேரம் தெளிவு

நுண்ணுயிரில் கோளாறு என்றால் நாள் முழுவதும் தெரியும். காலையில் மட்டும் வந்தால் அது வேகத்தின் கோளாறு.

குச்சி அளவீடு காட்டியது இப்படி:

```
காலை 6–10      22 கி.லி.
காலை 10–11      3 கி.லி.
11–மாலை 6     12.6 கி.லி.
மாலை 6–10     14.4 கி.லி.
இரவு 10–6       6 கி.லி.
மொத்தம்        58 கி.லி.
```

நாள் வரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நான்கு மணி நேரத்தில் வந்துவிடுகிறது. ஈக்வலைசேஷன் டேங்க் இருப்பது இதைத் தாங்கிக்கொண்டு, அடுத்த தொட்டிக்கு ஒரே சீராக அனுப்பத்தான். வரைபடத்தில் அந்தத் தொட்டி 30 கிலோலிட்டர்: 12 சதுர மீட்டர், 2.5 மீட்டர் ஆழம். ஆனால் சாக்கடைக் குழாய் தொட்டிக்குள் நுழையும் இடம் மேல்மட்டத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது. நீர் அதற்கு மேல் ஏறினால் குழாயிலேயே பின்னோக்கித் தேங்கி, கீழ்த்தளத்து ஆள்நுழைவுக் குழியில் வழியும். அடியிலோ, பம்ப் மூழ்கியிருக்கக் கொஞ்சம் நீரை விட்டுவைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே பயன்படும் ஆழம் 1 மீட்டர்தான். ஆக, உண்மையில் இருப்பது 12 கிலோலிட்டர். குழாய் நுழையும் மட்டத்துக்கு மேலுள்ள கொள்ளளவையும் சேர்த்து எண்ணும் இந்தத் தவறை அடிக்கடி பார்க்கிறேன். புதிதாகக் கட்டுபவர்கள் வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியதும் இதுவே. சராசரி வரத்தின் 6 முதல் 8 மணி நேர அளவு, குழாயின் அடிமட்டத்துக்குக் கீழே, கிடைத்தாக வேண்டும்.

12 கிலோலிட்டர் போதாமல் வழியத் தொடங்கியதும் ஆபரேட்டர் பயந்து இரண்டாவது பம்பையும் போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, வாசலில் சாக்கடை வழிந்தால் முதல் திட்டு அவருக்குத்தான். ஆனால் அப்போது மணிக்கு 6 கிலோலிட்டர் பாய்கிறது. கசடு படியும் தொட்டியான கிளாரிஃபயரின் பரப்பு 4.8 சதுர மீட்டர். அதில் நீர் மேலேறும் வேகம் மணிக்கு 1.25 மீட்டராகிவிடும். நிலையத்தின் முழு வரத்தான 70 கிலோலிட்டரையும் சீராக அனுப்பினால்கூட அது 0.6 மீட்டர்தான். நீர் மேலேறும் வேகம் கசடு கீழிறங்கும் வேகத்தைத் தாண்டினால் கசடு நீரோடு போய்விடும். காலைக் கலங்கல் அதுதான். நுண்ணுயிர்ப் பொடி போட்டால் அந்தப் பொடியும் சேர்ந்து வெளியே போகும்.

இங்கே மூன்று மாற்றங்கள் செய்தோம். எதற்கும் சுவரை உடைக்கவில்லை.

முதலில் இரண்டாவது பம்ப் தானாக ஓடுவதை நிறுத்தி, ஒரே பம்பின் வால்வைத் திருகி மணிக்கு 2.8 கிலோலிட்டருக்குக் கட்டினோம். சராசரி 2.4 தான். கொஞ்சம் கூடுதலாக வைத்தால்தான் விடியற்காலை 4 மணிக்குள் தொட்டி காலியாகும், காலை வரத்துக்கு முழு 12 கிலோலிட்டரும் தயாராக இருக்கும். கணக்குப் பாருங்கள்: 6 முதல் 10 வரை 22 வருகிறது, 11.2 போகிறது, மிச்சம் 10.8. பதினொரு மணிக்கு 11. தொட்டியின் 12-க்குள் அடங்கிவிட்டது.

இரண்டாவது, மணல் வடிகட்டியைக் கழுவும் நேரம். பேக்வாஷ் செய்த நீர் 2 கிலோலிட்டர், ஒரே மூச்சில் இதே தொட்டிக்குத்தான் திரும்பி வரும். அதைக் காலை 8 மணிக்குச் செய்துகொண்டிருந்தார்கள். பிற்பகல் 2 மணிக்கு மாற்றினோம்.

மூன்றாவது, பம்பை நிறுத்தும் மிதவையை 8 செ.மீ. தாழ்த்தினோம். அது கிட்டத்தட்ட 1 கிலோலிட்டர் இடம். அதற்குமேல் தாழ்த்தினால் பம்ப் காற்றை இழுக்கும்.

நான்காம் நாள் காலைக் கலங்கல் நின்றது. மீதி 15 வீடுகளும் நிறைந்தால் இந்தக் கணக்கு நிற்காது. அப்போது கூடுதலாக ஒரு தொட்டி கட்டாயம் வேண்டும் என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அறிகுறி 2: விடியற்காலை 4, 5 மணிக்கு நாற்றம், ஏரேஷன் டேங்க் நீர் கறுக்கிறது, பகலில் சரியாகிவிடுகிறது

நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கக் காற்று ஊட்டும் தொட்டிதான் ஏரேஷன் டேங்க். நல்ல நிலையில் அது காபிப் பழுப்பில், மண்வாசனையோடு இருக்கும். கறுப்பும் அழுகிய முட்டை நாற்றமும் வந்தால் ஆக்ஸிஜன் போதவில்லை. கையில் எடுத்துச் செல்லும் ஆக்ஸிஜன் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருந்தால் நிம்மதி. இங்கே பகல் 12 மணிக்கு 2.1, விடியற்காலை 4 மணிக்கு 0.3.

இது குழப்பமாகத்தான் இருந்தது. இரவில் வரத்தே இல்லையே, ஆக்ஸிஜன் கூடத்தானே வேண்டும்?

காற்றுக்குழாயைத் தொடர்ந்து போனபோது விடை கிடைத்தது. காற்றடிக்கும் இயந்திரமான புளோயர் ஒன்றுதான் ஏரேஷன் டேங்குக்கும் ஈக்வலைசேஷன் டேங்குக்கும் காற்று கொடுக்கிறது. ஏரேஷன் டேங்கில் நீர்மட்டம் எப்போதும், அடியில் காற்றைக் குமிழியாக விடும் டிஃப்யூசருக்கு மேல் 3 மீட்டர். ஈக்வலைசேஷன் டேங்கில் மட்டம் ஏறி இறங்கும், விடியற்காலையில் அடிமட்டத்துக்குப் போய்விடும். காற்று எளிதான வழியில்தான் போகும். 3 மீட்டர் நீரைத் தள்ளுவதைவிட அரை மீட்டர் நீரைத் தள்ளுவது சுலபம். அதனால் தொட்டி காலியாகக் காலியாகக் காற்றெல்லாம் அந்தப் பக்கம் ஓடிவிடுகிறது. நுண்ணுயிர்கள் மூச்சுத் திணறிப்போகின்றன. இதில் வருத்தமான ஒன்று உண்டு: முதல் அறிகுறிக்காகத் தொட்டியை இரவில் காலி செய்த நாங்களே இதை இன்னும் கூட்டிவிட்டோம். இரண்டையும் சேர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

வால்வைத் திருகிப் பார்த்தோம். மட்டம் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு நேரத்துக்குச் சரியான திருகல் இன்னொரு நேரத்துக்குத் தவறாகிறது. கடைசியில் ஈக்வலைசேஷன் டேங்குக்கு மட்டும் சின்ன புளோயர் ஒன்று தனியாக வைத்தோம். மணிக்கு 20 கனமீட்டர் போதும், அங்கே தேவை கலக்கிக்கொண்டிருப்பது மட்டுமே.

பெரிய புளோயர் போதுமா? அதையும் கணக்கிட்டுப் பார்த்தோம். முழு 70 கிலோலிட்டர், நுண்ணுயிர் சிதைக்கக்கூடிய கழிவைக் குறிக்கும் அளவான பி.ஓ.டி லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்தால் நாளைக்கு 21 கிலோ. அதைச் சிதைக்க கிலோவுக்கு 1.2 கிலோ ஆக்ஸிஜன் என்றால் சுமார் 25 கிலோ. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். சிறுநீரிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றவும் ஆக்ஸிஜன் வேண்டும். லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரஜன் என்றால் நாளைக்கு 2.8 கிலோ. ஒவ்வொரு கிலோவும் 4.6 கிலோ ஆக்ஸிஜன் கேட்கும். அதுவே 13 கிலோ. மொத்தம் 38.

ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 0.28 கிலோ ஆக்ஸிஜன் இருக்கிறது. 3 மீட்டர் ஆழத்தில், நுண்குமிழி டிஃப்யூசர் நல்ல நிலையில் இருந்தால், கழிவுநீரில் கரைவது அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. உற்பத்தியாளர் அட்டையில் இதைவிட இரு மடங்கு போட்டிருக்கும், அது சுத்த நீரில் எடுத்த அளவு. ஆக 38 கிலோவுக்கு நாளைக்கு 1,360 கனமீட்டர், மணிக்கு 57. உச்ச நேரத்துக்கு ஒன்றரை மடங்கு வைத்தால் 85. இங்கே இருந்த புளோயர் 100. ஈக்வலைசேஷன் டேங்கின் பங்கையும் சேர்த்தால் 105 வேண்டும், போதவில்லை. பிரித்த பிறகு தாராளமாகப் போதுகிறது. பெரிய புளோயர் வாங்க வந்த கொட்டேஷனை ஓரமாக வைத்துவிட்டோம்.

ஒருவேளை உங்கள் நிலையத்தில் இரவு பகல் எந்நேரமும் ஆக்ஸிஜன் குறைவாக இருந்தால் புளோயரின் அழுத்தமானியைப் பாருங்கள். 3 மீட்டர் நீருக்கு 0.3 கி.கி./ச.செ.மீ., குழாய் உராய்வுக்குக் கொஞ்சம் கூட்டி 0.35 காட்ட வேண்டும். முன்பைவிட ஏறிக்கொண்டே போனால் டிஃப்யூசர் அடைத்திருக்கிறது. குறைவாகக் காட்டி, நீர்ப்பரப்பில் ஓரிடத்தில் மட்டும் கொதிப்பதுபோல் பெரிய குமிழி வந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது, அல்லது குழாய் மேல்மட்டத்தில் உடைந்திருக்கிறது.

அறிகுறி 3: கிளாரிஃபயரில் கசடு கட்டிகட்டியாக மேலே மிதக்கிறது

மேலே வந்த கட்டியை நீளக் குச்சியால் தட்டுங்கள். குமிழி விட்டு மறுபடி கீழே போனால், அடியில் நெடுநேரம் கிடந்த கசட்டில் நைட்ரேட் சிதைந்து நைட்ரஜன் வாயு உண்டாகி அதைத் தூக்கியிருக்கிறது. ஏரேஷன் டேங்க் நீரை ஒரு லிட்டர் அளவுக் குவளையில் வைத்தும் பார்க்கலாம். அரை மணி நேரத்தில் அழகாகப் படிந்து, இரண்டு மணி நேரம் கழித்து மொத்தமாக மேலே எழும்பினால் அதே விஷயம்தான். அரை மணி நேரத்திலும் படியாமல் குவளையின் முக்கால்வாசிக்குப் பஞ்சுபோல் நின்றால் அது வேறு நோய். கசடு மிக அதிகமாகிவிட்டது, அல்லது இழைவகை நுண்ணுயிர் பெருகியிருக்கிறது. பாதிக்குப் பாதி நீர் கலந்து மறுபடி வைத்துப் பாருங்கள். நன்றாகப் படிந்தால் கசடு அதிகம் என்று பொருள்.

இங்கே இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. கிளாரிஃபயரின் அடியிலிருந்து கசட்டைத் திருப்பி அனுப்பும் ஏர்லிஃப்ட் அடைத்திருந்தது, அதைச் சுத்தம் செய்தோம். அதைவிட முக்கியம், உபரிக் கசட்டை யாரும் எடுக்கவே இல்லை. நாளைக்கு 16 கிலோ பி.ஓ.டி வரும் இடத்தில் 8 கிலோ உலர்கசடு புதிதாக உண்டாகும். கிளாரிஃபயர் அடிக்கசட்டில் லிட்டருக்கு 8 கிராம் இருந்தால், தினமும் 1,000 லிட்டரைக் கசடு பிழியும் ஃபில்டர் பிரஸ்ஸுக்கு அனுப்பியாக வேண்டும். பிரஸ்ஸின் பதிவேட்டில் ஐந்து மாதமாக எதுவும் எழுதப்படவில்லை. துணி கிழிந்துபோயிருந்தது, மாற்றித் தருமாறு ஆபரேட்டர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

அறிகுறி 4: ஃபிளஷ் தொட்டியில் வாடை, குளோரின் எவ்வளவு ஊற்றினாலும் நிற்கவில்லை

குடியிருப்பவர்கள் கண்ணில் படுவது இது ஒன்றுதான், புகாரும் இதில்தான் தொடங்கும். ஆனால் காரணம் பெரும்பாலும் ஃபிளஷ் தொட்டியில் இருப்பதில்லை, இரண்டாவது அறிகுறியில் இருக்கிறது.

ஆக்ஸிஜன் பற்றாத இரவுகளில் அமோனியா நைட்ரேட்டாக மாறாமல் அப்படியே வெளியே வருகிறது. ஊற்றும் குளோரினை முதலில் அந்த அமோனியாதான் பிடித்துக்கொள்ளும். அமோனியா ஒரு பங்கு என்றால் குளோரின் கிட்டத்தட்ட பத்துப் பங்கு போட்ட பிறகுதான் நீரில் தனிக் குளோரின் நிற்கும். இங்கே அமோனியா 15 மில்லிகிராம் இருந்தது. அப்படியானால் குளோரின் 150 வேண்டும். நாளைக்கு 20 கிலோலிட்டர் நீருக்கு 3 கிலோ குளோரின், 10 சதவீத ஹைப்போ கரைசலில் 30 லிட்டர்! அமோனியா இல்லாத நீருக்கு 5 மில்லிகிராம் போட்டால் போதும், ஒரே ஒரு லிட்டர் ஹைப்போ. காற்றைச் சரிசெய்யாமல் குளோரினைக் கூட்டினால் கண்ணெரிச்சல் தரும் வாடைதான் மிஞ்சும், ஃபிளஷ் வால்வின் ரப்பரும் கெட்டுப்போகும்.

மீன் தொட்டிக்கு விற்கும் அமோனியா சோதனைப் பெட்டி கடையில் கிடைக்கும், ஒரு மதிப்பீட்டுக்கு அது போதும். புளோயரைப் பிரித்த மூன்றாவது வாரத்தில் இங்கே அமோனியா 1-க்குக் கீழே வந்தது. நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் பெருகும், அதனால் முதல் பத்து நாளில் பலன் தெரியாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாடை இல்லாமல் மஞ்சள் மட்டும் இருந்தால் கரி வடிகட்டியின் கரியை மாற்றும் நேரம் வந்திருக்கிறது.

அறிகுறி 5: தோட்டம் கருகுகிறது, ஆனாலும் சுத்திகரித்த நீர் மிஞ்சி வழிகிறது

இந்த நிலையம் உப்பைக் குறைக்காது. டேங்கர் நீரின் உப்போடு, மனிதர் பயன்பாட்டில் சேரும் உப்பும் கூடுகிறது. ஃபிளஷ் நீர் சுற்றிச் சுற்றி வருவதால் இன்னும் ஏறுகிறது. இங்கே அதற்கு மேல், தண்ணீர் மென்மையாக்கும் சாஃப்ட்னரைக் கழுவும் உப்புநீரையும் இதே தொட்டியில் விட்டுக்கொண்டிருந்தார்கள். அதை உடனே பிரிக்கச் சொன்னேன். இலை நுனி கருகுவது உப்பின் அடையாளம். நீரில் கரைந்த உப்பின் அளவான டி.டி.எஸ் லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டினால் புல்லும் மென்மையான செடிகளும் அதிகநாள் தாங்காது. அரளி போன்றவை தாங்கும்.

மிஞ்சும் நீர் பற்றிய கணக்கு இது. வரத்து 58. ஃபிளஷுக்கு 17, 1,200 சதுர மீட்டர் தோட்டத்துக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் 6, தரை கழுவ 1. மொத்தச் செலவு 24. மிச்சம் 34 கிலோலிட்டர், தினமும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோட்டத்துக்கும் வேண்டாம், அப்போது 40. ‘முழு மறுபயன்பாடு’ என்று விற்பனைக் கையேட்டில் போட்டிருந்த குடியிருப்பு இது. இந்த 34-க்கு வழி சொல்லாமல் அப்படி எழுதியிருக்கக் கூடாது. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத இடங்களில் இது இரவில் மழைநீர் வடிகாலுக்குப் போகிறது. அந்தப் பகுதியின் வடிகால்கள் பலவும் போய்ச்சேருவது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில்.

இங்கே சாக்கடை இணைப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். அது வரும்வரை, பக்கத்தில் கட்டுமானம் நடக்கும் இரண்டு இடங்களுக்குத் தூசி அடக்கவும் சாலை நனைக்கவும் தினம் இரண்டு லாரி கொடுக்கிறார்கள். கான்கிரீட் கலக்கக் கேட்டார்கள், குளோரைடு அளந்து பார்க்காமல் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாதிரி ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது.